லும்பினித் தூணின் ஐந்து வரிகளைத் தமிழாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மூலம் ஒன்றை எடுத்து மொழிபெயர்த்து, எந்தப் பொருள் தவறிப்போனது என்று குறிப்பும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எதை எடுக்கலாம்?

சின்னதாக ஒன்றை எடுங்கள். என் பரிந்துரை, நேபாளத்தில் லும்பினியில் நிற்கும் அசோகர் காலத்துத் தூணின் கல்வெட்டு. மொத்தமே ஐந்து வரி. 1896-இல் மண்ணைத் தோண்டியபோது வெளிப்பட்டது. எழுத்து பிராமி, மொழி பிராகிருதம். ஏறத்தாழ கி.மு. 249-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று கணக்கிடுகிறார்கள்.

தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி வரும்:

தேவானபியேன பியதஸின லாஜின வீஸதிவஸாபிஸிதேன
அதன ஆகாச மஹீயிதே ஹித புதே ஜாதே ஸக்யமுனீ தி
ஸிலாவிகடபீசா காலாபித ஸிலாதபே ச உஸபாபிதே
ஹித பகவம் ஜாதே தி லும்மினிகாமே உபலிகே கடே
அடபாகியே ச

இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பாதிச் சொற்கள் தெரிந்தவை போலவே இருக்கும். லாஜ என்றால் ராஜா, காம என்றால் கிராமம், ஜாதே என்றால் பிறந்தார், வீஸதி என்றால் இருபது. இந்தத் தெரிந்த முகம்தான் இதில் உள்ள பெரிய ஆபத்து. அதனால்தான் இதைப் பரிந்துரைக்கிறேன். முற்றிலும் அந்நியமான மொழியில் எங்கே தடுமாறுகிறோம் என்று நமக்கே தெரிந்துவிடும். இங்கே தடுமாறியதே தெரியாமல் கடந்து போய்விடுவோம்.

எனக்குப் பிராகிருதம் தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு தமிழாக்கினால் போதாதா?

போதாது. அப்படிச் செய்தால் நீங்கள் மொழிபெயர்ப்பது அந்த ஆங்கிலப் பேராசிரியரை. அவர் எங்கே ஊகித்தார், எங்கே கல்லில் இருந்ததை எழுதினார் என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

பிராகிருதம் முழுதாகப் படிக்க வேண்டாம். கல்வெட்டின் எழுத்துப்பெயர்ப்பு, சொல்லுக்குச் சொல் பொருள், இரண்டு மூன்று அறிஞர்களின் மொழிபெயர்ப்பு ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அசோகர் கல்வெட்டுகளுக்கு ஹுல்ஷ் 1925-இல் வெளியிட்ட பதிப்பு இன்றும் அடிப்படையானது. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளைப் பதிப்பித்த அதே ஹுல்ஷ்தான்.

ஒரு தாளை எடுத்து நான்கு பத்தி கோடு போடுங்கள். முதலில் மூலச் சொல், இரண்டாவதில் சொல்லுக்குச் சொல் பொருள், மூன்றாவதில் உங்கள் தமிழ், நான்காவதில் சந்தேகம். மூன்று மொழிபெயர்ப்புகளும் ஒரே மாதிரி இருக்கும் இடத்தில் நான்காவது பத்தி காலியாக இருக்கும். எங்கே ஆளுக்கொன்று சொல்கிறார்களோ, அங்கே அது நிரம்பும். உங்கள் குறிப்புகள் பெரும்பாலும் அந்தப் பத்தியிலிருந்துதான் வரும்.

இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கால பிராமியில் இரட்டை மெய்யை எழுதமாட்டார்கள். 'புதே' என்று இருப்பதை 'புத்தே' என்றும், 'அட' என்று இருப்பதை 'அட்ட' என்றும் நாம்தான் படித்துக்கொள்ள வேண்டும். போதாக்குறைக்குத் தமிழ் எழுத்தில் வல்லொலி, மெல்லொலி, மூச்சொலி வேறுபாடு எல்லாம் கரைந்துவிடுகிறது. பின்னால் இது ஒரு பெரிய குழப்பத்தில் கொண்டுபோய் விடப்போகிறது.

"அசோகர் லும்பினிக்கு வந்தார்" என்று முதல் வரியை ஆரம்பித்தேன். அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறார்கள். உண்மையைத்தானே எழுதினேன்?

உண்மைதான். ஆனால் அது கல்லில் இல்லை. கல் சொல்வது 'தேவானபிய பியதஸி' என்று மட்டும்: தேவர்களுக்குப் பிரியமானவர், அன்போடு பார்ப்பவர் என்கிற மாதிரியான பட்டமும் பெயரும்.

இந்தப் பியதசி யார் என்பதே ஒரு காலத்தில் தெரியாமல் இருந்தது. பிராமியைப் படித்துக் காட்டிய பிரின்செப், இவர் இலங்கை அரசன் தேவநம்பிய தீசனாக இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தார். 1837-இல் டர்னர் இலங்கையின் பாலி நூலான தீபவம்சத்தைக் கொண்டு, பியதசியும் அசோகரும் ஒருவரே என்று காட்டினார். அவருடைய கல்வெட்டிலேயே 'அசோக' என்ற பெயர் கிடைத்தது 1915-இல், கர்நாடகத்தின் மஸ்கியில். அத்தனை பேர் தேடி அடைந்த விடையை மொழிபெயர்ப்பின் முதல் சொல்லாக வைத்தால், கல்லே அதைச் சொன்னது போல ஆகிவிடும்.

அதனால் மொழிபெயர்ப்பில் 'பியதசி அரசர்' என்று எழுதுங்கள், அசோகர் என்பதைக் குறிப்பில் வையுங்கள். ஊர்ப்பெயரும் அப்படியே. கல்லில் இருப்பது 'லும்மினி'.

அரசன் "வந்தான்" என்பதா, "வந்தார்" என்பதா? மூலத்தில் மரியாதை விகுதி இருக்கிறதா?

இல்லை. மூலத்தில் வாக்கியமே வேறு விதமாக நிற்கிறது. 'பியதசி அரசனால், தானே வந்து, வழிபடப்பட்டது' என்கிற மாதிரிச் செயப்பாட்டு வினை. அதை அப்படியே தமிழில் எழுதினால் அரசாங்கச் சுற்றறிக்கை போல ஆகும். செய்வினையாக மாற்றத்தான் வேண்டும். மாற்றிய உடனே தமிழ் நம்மிடம் கேட்கிறது: ஆனா, ஆரா?

எதை எழுதினாலும் மூலத்தில் இல்லாத ஒன்றைச் சேர்க்கிறோம். அரசனை 'ஆன்' என்றும் புத்தரை 'ஆர்' என்றும் எழுதினால், அரசன் புத்தருக்குக் கீழே நிற்பதாக ஓர் உறவை நாமே கட்டிவிடுகிறோம். கல்வெட்டின் உணர்வுக்கு அது பொருந்தலாம், ஆனால் இலக்கணம் அதைச் சொல்லவில்லை. நான் இருவருக்கும் 'ஆர்' போட்டுவிட்டு, மூலத்தில் இந்த வேறுபாடு இல்லை என்று ஒரே வரியில் குறிப்பு எழுதுவேன். இருவருக்கும் 'ஆன்' போட்டாலும் தவறில்லை. ஒருவருக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று என்றால்தான் காரணம் சொல்ல வேண்டும்.

வினையைத் தொடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். 'காலாபித', 'உஸபாபிதே' இரண்டும் பிறவினை. அரசர் தன் கையால் எதையும் கட்டவில்லை, ஆட்களைக் கொண்டு செய்வித்தார், நிறுத்துவித்தார். இதற்குத் தமிழில் அழகான வழக்கு உண்டு. இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டு 'நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி' என்கிறது, எடுத்த என்று சொல்லவில்லை. நம் கல்வெட்டு மரபே காட்டிக்கொடுத்த வழி இருக்கும்போது, 'தூணை நட்டார்' என்று எழுதி அதை இழக்க வேண்டாம்.

சிலா, பலி, பகவான் எல்லாம் தமிழிலும் இருக்கும் சொற்கள்தானே? அப்படியே போட்டால் மூலத்துக்கு நெருக்கமாக இருக்காதா?

நெருக்கமாகத் தோன்றும். பொருள் நகர்ந்திருக்கும்.

'ஸிலாதபே' என்பது கல் தூண். பழைய தமிழில் 'சிலை' என்றால் கல் என்ற பொருளும் உண்டு. இன்றைக்குச் 'சிலைத்தூண்' என்று எழுதினால் சிற்பம் செதுக்கிய தூண் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 'கல்தூண்' என்று எழுதினால் எந்த இழப்பும் இல்லை. குறிப்புகூட வேண்டாம்.

'பகவம்' சற்றுக் கடினம். பௌத்த வழக்கில் அது புத்தரைக் குறிக்கும் மரியாதைச் சொல். இன்றைய தமிழ் வாசகருக்குப் 'பகவான்' என்றால் கண்ணனோ வேறு தெய்வமோதான் முதலில் நினைவுக்கு வரும். அதற்காகப் 'புத்தர்' என்று மாற்றினால், மேலே ஒரு முறை 'புத்தர் சாக்கியமுனி', கீழே ஒரு முறை 'பகவான்' என்று கல் இரண்டு விதமாக அழைப்பது மறைந்துவிடும். எனவே பகவான் என்றே விட்டுவிட்டுக் குறிப்பு எழுதுங்கள்.

'உபலிகே' என்பதுதான் பொறி. இதற்குள் 'பலி' இருக்கிறது. 'லும்மினி ஊரைப் பலியிலிருந்து விடுவித்தார்' என்று எழுதிய தாள்களைப் பார்த்திருக்கிறேன். படிப்பவர் கண்ணில் ஆடும் கோழியும் வந்து நிற்கும். அசோகர் உயிர்ப்பலியைக் கட்டுப்படுத்தியவர் என்பது பாடத்தில் படித்ததுதான், அதனால் வாக்கியம் மிகப் பொருத்தமாகவும் தோன்றிவிடுகிறது. உண்மையில் இங்கே பலி என்பது அரசனுக்குச் செலுத்தும் ஒரு வகை வரி. தெய்வத்துக்குப் படைப்பது, அரசனுக்குச் செலுத்துவது என்று அந்தச் சொல்லுக்கு இரண்டு பக்கமும் உண்டு. தமிழுக்கு வந்து தங்கியது முதல் பக்கம். கல்வெட்டு பேசுவது இரண்டாவதை.

அப்படியானால் "இறையிலி" என்று எழுதலாமே? சோழர் கல்வெட்டுகளில் வரும் சொல்தானே அது?

நல்ல யோசனை, இந்த வேலையில் ஈடுபாட்டோடு இறங்கியவருக்குத்தான் இது தோன்றும். வரி என்ற பொருளில் 'இறை' பழஞ்சொல், 'இறையிலி' வரி நீக்கிய நிலத்துக்கான சொல். ஓசையும் கல்வெட்டுக்குப் பொருந்துகிறது. ஆனாலும் நான் எழுதமாட்டேன்.

அடுத்த சொல்லைப் பாருங்கள்: 'அடபாகியே ச'. எட்டில் ஒரு பாகம் உடையதாகவும் ஆக்கினார். அதாவது அந்த ஊர் இன்னும் ஏதோ செலுத்துகிறது. இறையிலி என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் எட்டில் ஒரு பங்கு என்றால், வாக்கியம் தன்னைத்தானே மறுக்கிறது. வரி இல்லாத ஊருக்கு எட்டில் ஒன்று எதற்கு?

அர்த்தசாஸ்திரம் அரசின் வருவாய்களைப் பட்டியலிடும்போது 'பாகம்' என்பதையும் 'பலி' என்பதையும் தனித்தனியாகச் சொல்கிறது. பாகம் என்பது விளைச்சலில் அரசனின் பங்கு. பலி வேறொரு வரி. அப்படிப் பார்த்தால் கல்வெட்டு தெளிவாகிவிடும்: பலி என்ற வரி முழுதாக நீங்கியது, பாகம் எட்டில் ஒன்று என்று ஆனது. இரண்டு வரிகளுக்கு இரண்டு ஆணைகள். 'இறையிலி' இந்த இரண்டையும் ஒன்றாக விழுங்கிவிடும். தவிர அந்தச் சொல்லோடு கோயில், தேவதானம், பிரமதேயம் என்று இன்னொரு காலமும் ஒட்டிக்கொண்டு வரும்.

'பலிவரி நீக்கி' என்று எழுதலாம். 'வரி' என்ற சொல் பக்கத்தில் இருப்பதால் ஆடு கோழி வராது, மூலச்சொல்லும் தெரியும்.

எல்லாப் புத்தகத்திலும் "வரியை எட்டில் ஒன்றாகக் குறைத்தார்" என்றுதானே இருக்கிறது? அதை அப்படியே எழுதினால் என்ன?

'குறைத்தார்' என்ற சொல் கல்லில் இல்லை. முன்பு எவ்வளவு இருந்தது என்றும் கல் சொல்லவில்லை. அரசனுக்கு ஆறில் ஒரு பங்கு என்பது பழைய நீதி நூல்களின் பொது வழக்கு. நமக்கும் அது புதிதல்ல. 'தென்புலத்தார் தெய்வம்' என்ற குறளுக்கு உரை எழுதும்போது பரிமேலழகர், மற்ற ஐந்து கடமைக்கும் ஐந்து கூறு வேண்டியிருப்பதால்தான் அரசனுக்கு இறைப்பொருள் ஆறில் ஒன்று ஆனது என்று விளக்குகிறார். ஆறில் ஒன்று வழக்கமாக இருந்தால் எட்டில் ஒன்று என்பது குறைப்புதான். இது நல்ல ஊகம், நானும் ஏற்கிறேன். ஆனாலும் ஊகத்தின் இடம் குறிப்பு. மொழிபெயர்ப்பில் 'எட்டில் ஒரு பங்கு உடையதாக ஆக்கினார்' என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

முன்பு சொன்ன எழுத்துக் குழப்பம் இங்கேதான் வருகிறது. 'அட' என்று எழுதியிருப்பது எட்டைக் குறிக்கும் 'அட்ட' ஆகலாம். பொருள், செல்வம், நோக்கம் என்பதைக் குறிக்கும் 'அர்த்த' என்ற சொல்லும் இந்தப் பிராகிருதத்தில் இதே உருவத்துக்கு வந்து சேர முடியும். அதனால் தொடக்க கால அறிஞர்களில் சிலர், ஊருக்குச் செல்வத்தில் பங்கு கிடைத்தது என்று பொருள் கொண்டார்கள். அப்படிப் படித்தால் ஊர் கொடுக்கவில்லை, வாங்குகிறது. எழுத்து அதேதான், பணம் போகும் திசை தலைகீழ்!

இன்று பெரும்பாலோர் எட்டு என்றே கொள்கிறார்கள், முன்னால் பலி என்ற வரிச்சொல் நிற்பதால் அதுவே பொருத்தம் என்று எனக்கும் படுகிறது. குறிப்பில் இரண்டையும் சொல்லி, எதைத் தேர்ந்தீர்கள், ஏன் என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

"ஸிலாவிகடபீசா" என்பதற்கு மூன்று புத்தகத்தில் மூன்று பொருள் இருக்கிறது. எதைப் போடுவது?

இந்தச் சொல்லை இன்னும் யாரும் தீர்த்துவைக்கவில்லை. கல்வெட்டில் சொற்களுக்கு நடுவே தெளிவான இடைவெளி இல்லாததால் எங்கே பிரிப்பது என்பதிலேயே சண்டை. கல்லால் ஆன பெரிய சுவர் அல்லது வேலி என்று ஒரு சாரார். குதிரை உருவம் என்று இன்னொரு சாரார். குதிரைக்காரர்களுக்கு ஒரு துணை உண்டு. 7-ஆம் நூற்றாண்டில் வந்த சீனப் பயணி யுவான் சுவாங், இங்கே உச்சியில் குதிரை உருவம் கொண்ட தூணைப் பற்றி எழுதியிருக்கிறார்.

பயணி சொன்னதை வைத்துச் சொல்லுக்குப் பொருள் கட்டுவது சரியா என்பது தனி வழக்கு. தூணில் குதிரை இருந்திருக்கலாம், ஆனால் இந்தச் சொல் அதைக் குறிக்காமலும் இருக்கலாம். மாணவர் தாளில் இதைத் தீர்க்க வேண்டியதில்லை. சதுர அடைப்புக்குள் '[கல் சுவர்?]' என்று கேள்விக்குறியோடு எழுதுங்கள். தீராத சொல்லை வழவழப்பான வாக்கியத்துக்குள் புதைத்துவிடுவதைத்தான் நான் பெரிய குறையாக நினைக்கிறேன், ஏனென்றால் படிப்பவருக்கு அங்கே பள்ளம் இருந்ததே தெரியாது.

தமிழைவிட ஆங்கிலத்தில் செய்வது எளிதா?

சில இடங்களில் எளிது. ஆங்கிலத்தில் பலியும் சிலையும் உங்களைக் குழப்பாது, ஆன், ஆர் தொல்லையும் இல்லை.

ஆனால் ஒரு சின்னச் சொல்லில் தமிழ் ஜெயிக்கிறது. 'ஜாதே தி' என்பதில் கடைசியில் நிற்கும் 'தி', சமஸ்கிருத 'இதி'. அதற்கு நம் 'என்று' அச்சு அசலாகப் பொருந்தும். 'இங்கே புத்தர் பிறந்தார் என்று வந்து வழிபட்டார்.' இந்த 'என்று' காரணத்தையும் சொல்கிறது, அரசரின் மனத்தில் ஓடியதையும், ஊரார் வாயில் இருந்த சொல்லையும் சேர்த்தே சொல்கிறது. ஆங்கிலத்தில் 'பிகாஸ்' போட்டால் காரணம் மட்டும் நிற்கும், மேற்கோள் குறி போட்டால் பேச்சு மட்டும் நிற்கும். தமிழில் 'பிறந்ததால்' என்று எழுதுபவர்கள் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தவர்கள் என்று எனக்கு உடனே தெரிந்துவிடும்.

குறிப்பை எப்படி எழுதுவது? எத்தனை வேண்டும்?

ஐந்து வரிக்கு ஐந்து குறிப்புக்கு மேல் போகாதீர்கள். 'இந்தச் சொல்லின் ஆழமான பொருளைத் தமிழில் கொண்டுவர இயலவில்லை' என்பது குறிப்பே இல்லை. மூலச் சொல் என்ன, நான் என்ன எழுதினேன், அதைப் படிப்பவர் எதைத் தவறாக நினைக்கலாம் அல்லது எதை அறியாமல் போகலாம், இந்த மூன்றும் இருந்தால் அது குறிப்பு. ஒன்றை எழுதிக் காட்டுகிறேன்:

'உபலிகே: பலிவரி நீக்கி. பலி என்பது இங்கே அரசனுக்குரிய வரி, உயிர்ப்பலி அன்று. தமிழில் உயிர்ப்பலி என்ற பொருளே வழக்கில் இருப்பதால் வரி என்ற சொல்லைச் சேர்த்தேன். மூலச் சொல்லுக்குள் இருக்கும் படையல் என்ற பழைய பொருளின் சாயலை இதனால் இழந்தேன். இறையிலி என்பதைத் தவிர்த்தேன், ஏனெனில் அடுத்த சொல் ஊர் இன்னும் எட்டில் ஒரு பங்கு செலுத்துவதைக் காட்டுகிறது.'

முழு மொழிபெயர்ப்பையும் ஒரு முறை காட்ட முடியுமா?

நான் செய்தால் இப்படி வரும். இது ஒரு வழி மட்டுமே.

'தேவர்களுக்குப் பிரியரான பியதசி அரசர், அபிஷேகம் பெற்று இருபது ஆண்டானபோது, தாமே வந்து வழிபட்டார், இங்கே புத்தர் சாக்கியமுனி பிறந்தார் என்று. [கல் சுவர்?] செய்வித்தார், கல்தூணும் நிறுத்துவித்தார். இங்கே பகவான் பிறந்தார் என்று லும்மினி ஊரைப் பலிவரி நீக்கி, எட்டில் ஒரு பங்கு உடையதாகவும் ஆக்கினார்.'

'அபிஷேகம்' என்பதை 'முடிசூட்டு' என்று மாற்றவில்லை. சடங்கின் மையம் நீர் தெளிப்பது, முடி சூடுவது அன்று. விக்கிரகத்துக்குச் செய்யும் அபிஷேகம் நினைவுக்கு வரும் என்பது உண்மைதான், அதைக் குறிப்பில் சொல்லிவிடுவேன்.

இவ்வளவு செய்தும் கொண்டுவரவே முடியாதது ஏதாவது உண்டா?

உண்டு. 'ஹித', அதாவது 'இங்கே'. அகராதிப்படி எந்தச் சிக்கலும் இல்லாத சொல். ஆனால் கல்லில் அது இரண்டு முறை வருகிறது, சொல்வது அந்த இடத்திலேயே நிற்கும் தூண். அதைப் படித்தவர் அந்த மண்ணில் நின்றுகொண்டுதான் படித்திருக்க முடியும். நம் தாளில் 'இங்கே' என்றால் எங்கே? 'லும்மினியில்' என்று மாற்றினால் தெளிவு கிடைக்கும், தூணின் குரல் போய்விடும். நான் 'இங்கே' என்றே விட்டுவிட்டு, தூண் இன்றும் லும்பினியில் நிற்கிறது என்று குறிப்பில் எழுதுவேன்.